அப்பாவுக்குத் தாளில் எழுதிய பிறந்தநாள் கடிதம்

காவிரிக்கரை:
போன வைகாசியில் நெதர்லாந்திலிருந்து அப்பாவுக்குப் பிறந்தநாள் கடிதம் அனுப்பினேன். திருவையாறு பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் நிலம். பாசம், நன்றி என்று நேரே எழுதினால் அவருக்குக் கூச்சம், மடித்துச் சட்டைப்பையில் வைத்துவிடுவார். அதனால் எங்கள் இரண்டு பேருக்கும் தெரிந்த சங்கதிகளாகவே எழுதினேன். முறைத்தண்ணீர் வரும் ராத்திரியில் என்னையும் வரப்பில் கூட்டிப்போவது, மடையை வைக்கோலும் சேறும் வைத்து அடைத்துவிட்டு, எங்கே கசிகிறது என்று சத்தத்தை வைத்தே சொல்வது, ரெண்டு கட்டை டார்ச் மங்கினால் தொடையில் தட்டுவது. மேட்டூர் அணையை வழக்கமாகத் திறக்கிற ஜூன் 12 நெருங்கினால் பேப்பரில் அதன் நீர்மட்டத்தைத்தான் முதலில் பார்ப்பார், கிழித்த காலண்டர் தாளில் அதைப் பென்சிலால் குறிப்பார். 2024-இல் அணையை ஜூலை 28-இல்தான் திறந்தார்கள், அதுவரைக்கும் குறித்த தாள்களை ஆணியிலேயே குத்தி வைத்திருந்தாராம், அம்மா சொன்னது, அதையும் எழுதினேன். அப்புறம் இங்கே நீர்வாரியத்துக்கு ஜனங்கள் ஓட்டுப் போட்டு ஆள் அனுப்புகிறார்கள், ஆனால் இவர்கள் பாடு தண்ணீரை வெளியே இறைப்பதில்தான் என்றும் ஒரு பத்தி.

கடிதம் கிடைத்த அன்றே போன். "ரெண்டு கட்டை இல்லம்மா, மூணு கட்டை டார்ச்சு." அடுத்து அரை மணி நேரம் நீர்வாரியத்தைப் பற்றித்தான் கேள்வி, அங்கே மடையை யார் திறப்பது, கடைமடைக்காரன் சண்டைக்கு வரமாட்டானா என்று!

நெல்லைக்காரி:
நட்சத்திரத்தைப் பார்த்து அனுப்புங்கள். எங்கள் அப்பா தலைமுறைக்குப் பள்ளிக்கூடத்துத் தேதி பாதிப் பேருக்கு வாத்தியார் போட்டதுதான். நட்சத்திரம் என்றால் வருஷா வருஷம் அதே தேதியில் வந்துவிடும்.

தபால் பெரியவர்:
முதல் பாதி சரிம்மா. ஆனால் நட்சத்திரம் சுமார் 27 நாளுக்கு ஒருமுறை சுற்றி வருவது, அதனால் தேதி மாறும், சில வருஷம் ஒரே மாதத்தில் இரண்டு தடவையும் வரும். பஞ்சாங்கம் பார்த்துவிட்டு, ஒரு மாதம் முன்னாலேயே தபாலில் சேர்த்துவிடுங்கள். முகவரியைத் தமிழிலேயே எழுதலாம், கடைசி வரியில் நாட்டின் பெயர் மட்டும் ஆங்கிலத்தில் இருக்கட்டும். 6 இலக்கப் பின்கோடு தெளிவாக இருக்க வேண்டும், பிரிப்பவர் முதலில் பார்ப்பது அதைத்தான். பதிவுத் தபால் என்றால் கையெழுத்து வாங்கித்தான் கொடுப்பார்கள், அப்பா வயலுக்குப் போகிற நேரத்தில் வந்தால் மறுபடி அலைச்சல்.

மஸ்கட்வாசி:
எங்கள் அப்பாவுக்குக் கண்புரை, அம்மாதான் படித்துக் காட்டுகிறார். அம்மாவுக்குத் தெரியக் கூடாத விஷயம் ஒன்று எங்கள் இரண்டு பேருக்குள் இருக்கிறது, அவருக்குத் தெரியாமல் வாங்கிக் கொடுத்த சைக்கிள். அதை எப்படி எழுதுவது? கடிதத்தோடு அல்வா அனுப்ப முடியுமா?

காவிரிக்கரை:
அல்வா எனக்குத் தெரியாது அண்ணா. சைக்கிளை எழுதிவிடுங்கள், அம்மாவுக்கு எப்போதோ தெரிந்திருக்கும். பெரியவரே, ஒரே வைகாசியில் அனுஷம் இரண்டு வந்தால் எதை எடுப்பது? அத்தை பிந்தினது என்கிறார், அம்மா ஒத்துக்கொள்ளவில்லை.