தப்புப் பீஸ் போவதைப் பேக்கிங் மேஜையிலேயே நிறுத்த: எங்கள் அனுபவம், உங்களுடையதையும் எழுதுங்கள்

திருப்பூர் பனியன்

ஆன்லைனில் ரவுண்ட் நெக் டி-சர்ட் விற்கிறோம். வேலையில் இருப்பது சின்னக் குழுதான். 38, 40, 42, 44 என்று நாலு சைஸ், ஏழெட்டுக் கலர். தப்பான பீஸ் போய்விட்டால் போன கூரியர் செலவு, திரும்பி வரும் செலவு, மாற்றுப் பீஸ் அனுப்பும் செலவு மூன்றும் நம் தலையில்தான். இதைக் குறைக்க நாங்கள் செய்தவற்றில் எது வேலைக்கு ஆனது, எது ஆகவில்லை என்று எழுதுகிறேன்.

முதலில் இருந்தது "பீஸ் சரி, சைஸ் சரி, கலர் சரி, முகவரி சரி" என்று டிக் போடும் படிவம். சாயங்காலம் கூரியர் வண்டி வாசலில் வந்து நின்றதும் நாலு டிக்கும் ஒரே இழுப்பில் விழும். பொருளைப் பார்க்காமலே டிக் போட முடிந்தது. அந்தப் படிவத்தின் கோளாறே அதுதான்.

அப்புறம் புகார் சொல்லும் வாடிக்கையாளர்களிடம் இரண்டு போட்டோ கேட்க ஆரம்பித்தோம். ஒன்று பாலிபேக் மேல் ஒட்டிய ஸ்டிக்கர், இன்னொன்று கழுத்தில் தைத்திருக்கும் சைஸ் லேபிள். இந்த இரண்டும் கிடைத்தால் தப்பு எந்த இடத்தில் நடந்தது என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம்.

ஒரு புகாரையே சொல்கிறேன். நாகர்கோவிலில் ஒருவர் நேவி 42 கேட்டிருந்தார், 40 வந்திருக்கிறது என்றார். போட்டோவில் ஸ்டிக்கர் `RN-NVY-42`, கழுத்து லேபிள் 40. அப்படியென்றால் ரேக்கிலிருந்து எடுத்த அக்கா ஸ்டிக்கரைப் பார்த்துச் சரியாகத்தான் எடுத்திருக்கிறார். தப்பு அதற்கு முன்பே பைக்குள் போய்விட்டது. எங்கே என்று தேடிக்கொண்டே போனால், ரிட்டர்ன் பீஸை அயர்ன் போட்டு மறுபடி பைக்குள் வைக்கும் மேஜையில் போய் நின்றது. அங்கே பக்கத்தில் கிடந்த காலிப் பாலிபேக்கை எடுத்துப் போடும் பழக்கம். அந்தக் காலிப் பையில் பழைய 42 ஸ்டிக்கர் அப்படியே இருந்திருக்கிறது. டெஸ்பாட்ச் மேஜையில் எத்தனை டிக் போட்டாலும் இது மாட்டாது. இப்போது ரிட்டர்ன் வந்த பையைக் கிழித்துப் போட்டுவிடுகிறோம். கழுத்து லேபிளைப் படித்துப் புது ஸ்டிக்கர் அடித்த பிறகுதான் பீஸ் ரேக்குக்குப் போகும்.

ஸ்டிக்கர், லேபிள் இரண்டுமே 40, ஆனால் ஆர்டர் 42 என்றால் ரேக்கிலிருந்து எடுத்ததில் தப்பு. உள்ளே இருப்பது மொத்தமாக வேறு ஒருவருடைய சரக்கு என்றால், முகவரி லேபிள் இரண்டு பார்சலுக்கு இடம் மாறிவிட்டது. இந்த மூன்றாவது வகை வந்தால் இன்னொரு வாடிக்கையாளரிடமும் தப்புப் பார்சல் இருக்கிறது என்று அர்த்தம். அவர் கூப்பிடும் வரை காத்திருக்காமல், அன்று அதே நேரத்தில் போன ஆர்டர்களில் அவரைத் தேடி நாமே கூப்பிட்டுவிடுவது நல்லது. திட்டு பாதியாகக் குறையும்.

இப்போதைய சீட்டில் டிக்கே கிடையாது, மூன்று கோடிட்ட இடம்தான். கழுத்து லேபிளில் உள்ள சைஸ், மொத்தம் எத்தனை பீஸ், கடைசியாக முகவரி லேபிளில் உள்ள ஆர்டர் நம்பரின் கடைசி மூன்று இலக்கம். எழுதுவது பீஸ் எடுத்தவர் அல்ல, வேறு ஒருவர். பில்லில் சைஸ் இருக்கும் பக்கத்தை உள்ளே மடித்து வைத்துவிடுவோம். அவர் பீஸைப் பார்த்து "42, 42, 40" என்று எழுதிவிட்டு, அப்புறம்தான் மடிப்பைப் பிரித்து ஒப்பிட வேண்டும். விடை முன்னாலேயே தெரிந்திருந்தால் கண் அதையே படிக்கும். கழுத்து லேபிள் பாலிபேக் வழியாகத் தெரிகிற மாதிரி மடித்துத் தரச் சொல்லி ஜாப் ஒர்க் ஆட்களிடமும் பேசிவிட்டோம். பையைத் திறக்க வேண்டிய வேலை இல்லை.

லேபிள் மாறுவதற்கு வேறு மருந்து. மேஜையில் ஒரு நேரத்தில் ஒரு ட்ரே மட்டும். பை ஒட்டி முடிக்கும் வரை முகவரி லேபிளை ஷீட்டிலிருந்து உரிக்கக் கூடாது. மொத்தமாக உரித்து மேஜை ஓரத்தில் வரிசையாக ஒட்டி வைக்கும் பழக்கத்தை விடவைப்பதுதான் பெரும்பாடாக இருந்தது.

ஈரோடு டிரெண்ட்ஸ்

அண்ணா, இவ்வளவு எழுதத் தேவையே இல்லைங்க. ஒரு பார்கோடு ஸ்கேனர் வாங்கிவிடுங்கள். ஆர்டரை ஸ்கேன், பீஸை ஸ்கேன், ஒத்துவரவில்லை என்றால் சத்தம் போடும். நாங்கள் மாறிய பிறகு எடுக்கிற தப்பு ஏறக்குறைய நின்றேவிட்டது.

பழைய க்யூசி, அவிநாசி

ஏற்றுமதிக் கம்பெனிகளில் ஃபைனல் செக்கிங்கில் இருந்தவன். தம்பி சொல்வது பாதி சரி. ஸ்கேனர் படிப்பது ஸ்டிக்கரை, சட்டையை அல்ல. நாகர்கோவில் பார்சலை ஸ்கேன் பண்ணியிருந்தால் "சரி" என்றுதான் வந்திருக்கும். ரேக்கில் கை தவறுவதற்கு ஸ்கேனர் நல்ல காவல். பைக்குள்ளேயே தப்பு இருந்தால் அதற்குத் தெரியாது.

அந்தத் தப்பைப் பிடிக்க வேண்டிய இடம் சரக்கு உள்ளே வரும்போது. ஏற்றுமதியில் ஏ.க்யூ.எல். 2.5 என்று ஒரு கணக்கு உண்டு. 400 பீஸ் லாட் வந்தால் 50 பீஸ் உருவிப் பார்ப்போம். மூன்று வரை குறை இருந்தால் பாஸ், நாலு வந்தால் லாட் முழுக்கத் திருப்பம். ஜாப் ஒர்க்கிலிருந்து வரும் லாட்டுக்கு இதைச் செய்யலாம். ஸ்டிக்கரையும் கழுத்து லேபிளையும் ஒப்பிடுவதற்கு மட்டும் என்றால் 50 பீஸ் பெரிய வேலை இல்லை. ஆனால் வாசலில் போகும் பார்சலுக்கு இந்த உருவிப் பார்க்கும் முறையைக் கொண்டுவராதீர்கள். அங்கே 400 பார்சல் என்றால் 400 வீடு. அதில் மூன்று பரவாயில்லை என்று சொல்ல முடியாது. ஒவ்வொன்றையும் பார்த்தே ஆக வேண்டும்.

இன்னொன்று கேட்கிறேன். நேவியும் கறுப்பும் மாறுவதில்லையா? உங்கள் சீட்டில் கலருக்கு இடமே இல்லையே.

திருப்பூர் பனியன்

மாறுகிறது அண்ணா. கலர் என்று ஒரு கோடு வைத்துப் பார்த்தோம். எல்லோரும் ஸ்டிக்கரைப் பார்த்து எழுதினார்கள். எடுத்துவிட்டோம்.

பழைய க்யூசி, அவிநாசி

எழுதச் சொன்னால் வராது, விளக்கை மாற்ற வேண்டும். மஞ்சள் வெளிச்சத்தில் நேவி கறுப்பாகத்தான் தெரியும். ஷேடு பார்க்கும் லைட் பாக்ஸில் பகல் வெளிச்சத்துக்கு டி65 என்று ஒரு விளக்கு இருக்கும், 6500 கெல்வின். அவ்வளவு செலவு வேண்டாம், பேக்கிங் மேஜை மேல் 6500 கெல்வின் எல்.ஈ.டி. டியூப் போதும். கூடவே ஒரு நிஜக் கறுப்புப் பீஸை மேஜையில் நிரந்தரமாக ஒட்டி வையுங்கள். சந்தேகம் வந்தால் பீஸை அதன் மேல் வைத்தால் போதும், நேவி உடனே காட்டிக்கொடுத்துவிடும். தனியாகப் பார்த்தால் எனக்கே பிடிபடாது. ரேக்கிலும் இரண்டையும் அடுத்தடுத்து வைக்காதீர்கள், நடுவில் வெள்ளையோ மஞ்சளோ வரட்டும்.

மதுரை மசாலா

இந்தக் கொடுமை எங்களுக்கும் உண்டு. அரைக் கிலோ பொடிதான் அனுப்புகிறோம், கூரியரில் ஒரு கிலோவுக்கு மேல் போட்டுப் பில் வருகிறது. தராசில் வைத்துப் போட்டோ எடுத்து அனுப்பினாலும் ஒத்துக்கொள்வதில்லை. நீங்கள் என்ன செய்கிறீர்கள்?

ஈரோடு டிரெண்ட்ஸ்

அக்கா, அது பெட்டி சைஸுக்குப் போடும் எடை. நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 5000-ஆல் வகுப்பார்கள். 25, 20, 12 பெட்டி என்றால் 1.2 கிலோ வந்துவிடும், உள்ளே பஞ்சு இருந்தாலும் சரி. சின்னப் பெட்டிக்கு மாறினால் குறையும். இங்கே பேசுவது வேறு விஷயம்.

திருப்பூர் பனியன்

ஆனாலும் அக்கா தராசு என்றதால் ஒன்று சொல்கிறேன். நாங்களும் தராசு வைத்திருக்கிறோம், வேறு காரணத்துக்கு. ஒரு பீஸ் எங்களிடம் ஏறக்குறைய 180 கிராம். மூன்று பீஸ் ஆர்டர் 350 கிராம் காட்டினால் ஒன்று குறைகிறது, கேள்வியே இல்லை. காம்போ ஆர்டரில் பீஸ் விட்டுப்போவது இதனால் நன்றாகக் குறைந்தது. சைஸ் தப்பைத் தராசு பிடிக்கும் என்று நம்பியது மட்டும் நடக்கவில்லை. 40-க்கும் 42-க்கும் பத்துப் பன்னிரண்டு கிராம்தான் வித்தியாசம். துணியின் ஜி.எஸ்.எம். ரோலுக்கு ரோல் அஞ்சு சதவீதம் ஏறி இறங்கினாலே அந்த வித்தியாசம் காணாமல் போகும்.

இளம்பிள்ளை சேலை

எங்களிடம் சைஸும் இல்லை, ஸ்டிக்கர் நம்பரும் இல்லை. வாட்ஸ்அப்பில் போட்டோ போடுவோம், ஒவ்வொன்றும் ஒரே ஒரு சேலை. "அந்த மாம்பழக் கலர், பச்சை பார்டர்" என்று ஆர்டர் வரும். அதே மாதிரி இன்னும் நாலு இருக்கும், பல்லுவில் மட்டும் வேறு டிசைன். இப்போது போட்டோ எடுக்கும்போதே சேலை மேல் நம்பர் சீட்டு வைத்து எடுக்கிறோம். அந்தச் சீட்டே சேலையோடு குத்தப்பட்டு பார்சல் வரை போகும். ஒட்டுவதற்கு முன்னால் பல்லுவை விரித்து, வாடிக்கையாளர் அனுப்பிய போட்டோவைப் பக்கத்தில் வைத்து ஒரு படம் எடுத்து அவருக்கே அனுப்பிவிடுவோம். அவர் "ஆமாம்" என்ற பிறகுதான் பை மூடும். சில பேர் மறுநாள்தான் பதில் போடுவார்கள், அதுவரை பார்சல் நிற்கும். அது ஒரு தொல்லைதான், ஆனால் சேலையில் தப்புப் போனால் அதைவிடப் பெரிய தொல்லை.

பேக் செய்வதை வீடியோ எடுக்கச் சொல்கிறார்கள், யாராவது செய்கிறீர்களா?

ஈரோடு டிரெண்ட்ஸ்

எடுக்கிறோம். ஆர்டர் நம்பரும் பீஸும் முகவரி லேபிளும் ஒரே ஓட்டத்தில் தெரிய வேண்டும், நடுவில் வெட்டு இருந்தால் செல்லாது. பொய்ப் புகார் வந்தால் காட்டுவதற்கு நல்லது. தப்பு குறைகிறதா என்றால், எனக்குத் தெரிந்து இல்லை.

கோவை, தனி ஆள்

எல்லாம் சரி, எடுப்பவர் வேறு பார்ப்பவர் வேறு என்கிறீர்கள். நான் ஒருத்திதான். எடுப்பதும் நான், ஒட்டுவதும் நான்.

பழைய க்யூசி, அவிநாசி

கஷ்டம்தான் அம்மா. ஒரு வழி உண்டு. காலையில் எல்லா ஆர்டரையும் எடுத்து ட்ரேயில் வைத்துவிடுங்கள், ஒட்ட வேண்டாம். வேறு வேலை பார்த்துவிட்டு மதியம் வந்து, பில்லைக் கவிழ்த்து வைத்துவிட்டு பீஸிலிருந்து ஆரம்பித்துப் படியுங்கள். இரண்டாவது ஆள் அளவுக்கு வராது. எடுத்த கையோடு பார்ப்பதைவிட நிச்சயம் மேல்.

திருப்பூர் பனியன்

அக்கா, ஆர்டர் எடுப்பதை மதியம் இரண்டு மணியோடு நிறுத்திவிடுங்கள். எங்களிடம் தப்புப் பார்சல் பெரும்பாலும் வண்டி வந்த பிறகு அவசரமாகச் சேர்த்தவையாகத்தான் இருந்தன. இரண்டு மணிக்குப் பிறகு வந்தது மறுநாள் போகட்டும் என்று வைத்தோம். சில மார்க்கெட்பிளேஸில் அன்றே அனுப்பாவிட்டால் ரேட்டிங் அடிவாங்கும், அதற்கு மட்டும் இன்னும் எனக்கு வழி தெரியவில்லை. தீபாவளிக் கூட்டத்தில் மடித்த பில் முறை தாக்குப்பிடிக்குமா என்பதையும் இனிமேல்தான் பார்க்க வேண்டும். அந்த நேரத்தில் தினக்கூலிக்கு வரும் புது ஆட்களை எந்த வேலையில் வைக்கிறீர்கள், எடுப்பதிலா, படித்து எழுதுவதிலா?