கான்டெக்ஸ்ட் ஸ்விட்சுக்குத் தமிழில் என்ன சொல்? (வெள்ளிக்குள் வேண்டும்)

கயல்விழி:
அனைவருக்கும் வணக்கம். பாலிடெக்னிக் இரண்டாம் ஆண்டு இயங்குதளப் பாடக் குறிப்பு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. செயலி ஓர் இழையை, அதாவது த்ரெட்டை, நிறுத்திவிட்டு அடுத்ததை ஓட்டுவதுதான் கான்டெக்ஸ்ட் ஸ்விட்ச். அது நொடிக்கு எத்தனை என்று `pidstat -w` தரும் அட்டவணை ஒன்று அதில் இருக்கிறது. அதன் தலைப்புகள் `cswch/s`, `nvcswch/s` என இரண்டு. இழை தானாக விட்டுக்கொடுத்தால் முதல் எண் கூடும். கர்னல் பிடுங்கி அடுத்ததற்குக் கொடுத்தால் இரண்டாவது கூடும். இப்போதைக்குச் ‘சூழல் மாற்றம்’ என்று போட்டிருக்கிறேன். படித்துப் பார்த்த ஆசிரியை ஒருவர், பருவநிலை பற்றிய பாடமா என்று கேட்டார். வேறு சொல் உண்டா?

ரஷீத்:
சூழல் மாற்றமே இருக்கட்டும், எல்லோருக்கும் புரிகிறது. ஒவ்வொரு சிஸ்டம் காலிலும் இது நடக்கிறது என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். அதனால்தான் `read()`-ஐ அடிக்கடி அழைத்தால் நிரல் மெதுவாகிறது.

இளங்கோவன்:
அம்மா, ‘சூழல்’ இங்கே பொருந்தவே பொருந்தாது. சூழ்தல் என்றால் சுற்றி நிற்பது, இல்லையேல் ஆராய்ந்து எண்ணுவது. குறள் 380-இல் ‘சூழினும்’ என்று வருவது இந்த இரண்டாம் பொருளில்தான். கர்னல் எடுத்து வைப்பது இழையைச் சுற்றி இருப்பதை அல்ல, இழை தன் கையில் வைத்திருந்ததை. ‘மாற்றம்’ என்பதும் பழந்தமிழில் சொல், மறுமொழி என்ற பொருளில் வழங்கியது. எனவே ‘சூழல் மாற்றம்’ இரண்டு பக்கமும் வழுக்கும் சொல். ‘கைமாற்று’ என்று வைக்கலாம்.

கயல்விழி:
ஐயா, கைமாற்று என்றால் வட்டியில்லாமல் வாங்கும் சில்லறைக் கடன். மாணவர்களும் அப்படித்தான் படிப்பார்கள்.

முத்துக்குமரன்:
சொல்லுக்கு முன்னால் ரஷீத் எழுதியதைச் சரிசெய்துவிட வேண்டும். அது பாடத்தில் போனால் தப்பாகிவிடும். `read()` அழைத்தால் செயலி கர்னல் நிலைக்குப் போகும், வேலை முடிந்ததும் அதே இழைக்குத் திரும்பும். அங்கே ஆள் மாறவில்லை. தரவு இன்னும் வராமல் அந்த இழை தூங்கப்போனால்தான் அடுத்த இழைக்கு முறை வரும். அடிக்கடி அழைத்தால் செலவு என்பது சரி. ஆனால் அது வேறு செலவு, இதைவிடப் பல மடங்கு சிறியது.

ஆள் மாறும்போது x86-64 லினக்ஸ் செய்வதைப் பாருங்கள். பயனர் நிரலின் பதிவகங்கள் கர்னலுக்குள் நுழையும்போதே அந்த இழையின் கர்னல் ஸ்டாக்கில் ஏறியிருக்கும். அடுத்த இழை வேறு ப்ராசஸைச் சேர்ந்தது என்றால் முதலில் `cr3` மாறும், அதாவது நினைவகத்தில் எது எங்கே என்று காட்டும் பக்க அட்டவணையே வேறாகிவிடும். ஒரே ப்ராசஸின் இழைகள் என்றால் இந்த வேலை இல்லை. பிறகு `rbp`, `rbx`, `r12` முதல் `r15` வரை ஆறு பதிவகங்கள் ஸ்டாக்கில் தள்ளப்படும். ஸ்டாக்கின் நுனியைக் காட்டும் `rsp`-இன் மதிப்பு பழைய இழையின் பதிவில் எழுதப்பட்டு, புதிய இழை முன்பு விட்டுவைத்த மதிப்பு அதில் ஏறும். அந்த ஒரு வரியில்தான் ஆள் மாறுகிறது. அதற்குப் பின் எடுக்கப்படும் ஆறும் புதியவருடையவை. மற்ற பொதுப் பதிவகங்களைக் கர்னல் இங்கே எடுத்து வைப்பதில்லை. அழைக்கும் ஃபங்ஷன் அவற்றைத் தானே காத்துக்கொள்ளும் என்பது கம்பைலரின் ஏற்பாடு. வெக்டர் பதிவகங்களுக்குத் தனி இடம் உண்டு. ஏவிஎக்ஸ்-512 பயன்படுத்தும் இழைக்கு அது மட்டுமே ஏறக்குறைய இரண்டரை கிலோபைட்.

ஆகவே இளங்கோவன் ஐயா சொன்னது பாதி சரி. எடுத்து வைப்பது இழையின் கைப்பொருளைத்தான். ஆனால் `cr3` சூழல்தானே?

நிர்மலா:
இடையில் புகுவதற்கு மன்னிக்கவும், எனக்கும் இந்த மாற்றத்தால்தான் சிக்கல். 4 கோர் சர்வரில் 200 இழைகள், ஒரு வரிசையிலிருந்து வேலை எடுக்கின்றன. `vmstat 1` போட்டால் நொடிக்கு நடக்கும் மாற்றங்களைக் காட்டும் `cs` ஒரு லட்சத்தைத் தாண்டுகிறது. கர்னலின் நேரமான `sy` ஏறிக் கிடக்கிறது, நிரலின் நேரமான `us` குறைவு. இழைகள் அதிகம் என்பதால்தானே? 50 ஆக்கினால் சரியாகுமா?

முத்துக்குமரன்:
எண்ணிக்கை மட்டும் காரணமாக இருக்காது. 200 இழைகளும் கணக்கு மட்டுமே போட்டுக்கொண்டிருந்தால், ஷெட்யூலர் ஒவ்வொன்றுக்கும் சில மில்லிநொடியாவது கொடுக்கும். 3 மில்லிநொடி என்று வையுங்கள். ஒரு கோரில் நொடிக்கு 333 மாற்றம்தான் வரும், லட்சம் வராது. இழைகள் தாமாகத் தூங்கித் தூங்கி விழிக்கின்றன என்று நினைக்கிறேன். இதைப் போட்டுப் பாருங்கள், 4127-க்குப் பதில் உங்கள் இழை ஒன்றின் எண்:

```
grep ctxt /proc/4127/status
```

`voluntary_ctxt_switches` வேகமாக ஏறி, `nonvoluntary` அப்படியே நின்றால் பூட்டுக்குக் காத்துத் தூங்குகிறது என்று சந்தேகப்படலாம்.

செலவைக் கணக்கிடுவோம். நொடிக்கு ஒரு லட்சத்தை 4 கோருக்குப் பிரித்தால் கோருக்கு 25,000. அதாவது 40 மைக்ரோநொடிக்கு ஒரு மாற்றம். பதிவகம், ஷெட்யூலர் வேலை எல்லாம் சேர்த்து 2 மைக்ரோநொடி என்று வைத்தால் இழப்பு 5 விழுக்காடுதான். இதை மட்டும் பார்ப்பவர்கள் மாற்றம் மலிவு என்று சொல்லிவிடுகிறார்கள். பெரிய இழப்பு கேஷில் இருக்கிறது. எல்2 256 கிலோபைட் என்றால் 64 பைட் வரிகள் 4,096. முந்தைய இழை அதைத் தன் தரவால் நிரப்பிவிட்டுப் போயிருக்கும். புதிய இழைக்கு அதில் கால்வாசி, 1,024 வரிகள் திரும்ப வேண்டும் என்று வைப்போம். எல்3-இலிருந்து வரிக்கு 15 நானோநொடி என்றால் சுமார் 15 மைக்ரோநொடி. ஆக 40-இல் 17 போய்விட்டது. பல வரிகள் ஒரே நேரத்திலும் வருவதால் உண்மையில் இதைவிடக் குறையலாம், அளந்துதான் சொல்ல முடியும். இந்த 15 மைக்ரோநொடி `sy`-இல் வராது. `us`-க்குள்ளேயே ஒளிந்திருக்கும், அதனால்தான் பலர் கண்ணில் படுவதில்லை.

இழையைக் குறைப்பதோடு, ஒரு முறை பூட்டை எடுத்தால் ஒரு வேலைக்குப் பதில் 32 வேலை எடுக்கச் செய்யுங்கள்.

நிர்மலா:
பார்த்தேன். முதல் எண் நிற்காமல் ஓடுகிறது, இரண்டாவது அசையவே இல்லை. 32 வைத்துப் பார்க்கிறேன்.

இளங்கோவன்:
தம்பி முத்துக்குமரன் ‘தாமாக’ என்று எழுதியதும் ஒன்று தோன்றியது. மாறுதல் தன்வினை, மாற்றுதல் பிறவினை. இழை தானே விட்டுக்கொடுத்தால் ‘முறைமாறல்’, கர்னல் பிடுங்கினால் ‘முறைமாற்றல்’. கயல்விழி கேட்ட இரண்டு தலைப்பும் ஒரு றகர ஒற்றில் கிடைத்துவிட்டன. உருளுதல், உருட்டுதல் போல. வேறெந்த மொழியில் இவ்வளவு சிக்கனமாகச் சொல்ல முடியும்!

ரஷீத்:
சிஸ்டம் கால் பற்றி முத்துக்குமரன் சொன்னது புரிந்தது, அந்த வரியை விட்டுவிடுங்கள். ஆனால் வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருப்பவருக்கு மாறல், மாற்றல் இரண்டும் ஒன்றாகத்தான் கேட்கும். தேர்வில் மாற்றி எழுதி மதிப்பெண் இழப்பார்கள்.

முத்துக்குமரன்:
அழகாக இருக்கிறது ஐயா, ஆனால் ஒரு தடை. தானாகத் தூங்கினாலும் பிடுங்கப்பட்டாலும் கடைசியில் ஓடுவது அதே `context_switch()`தான். இரண்டிலும் மாற்றுவது கர்னல். வேறுபாடு காரணத்தில், வினையில் அல்ல.

இளங்கோவன்:
கதவு திறந்தது என்கிறோம், கதவைத் திறந்தான் என்கிறோம். கீலின் வேலை இரண்டிலும் ஒன்றுதான். இலக்கணம் கீலைப் பார்ப்பதில்லை.

கயல்விழி:
நாளை அச்சு. பொதுச்சொல்லாகச் ‘சூழல்மாற்று’ என்று ஒரே சொல்லாக வைக்கிறேன், பருவநிலைக் குழப்பம் ஓரளவு தீரும். தலைப்புகள் ‘தானே விட்டவை’, ‘பிடுங்கப்பட்டவை’. நான்கு பேர் தனிமடலில் சரி என்றார்கள். ஐயாவின் முறைமாறல், முறைமாற்றல் அடிக்குறிப்பில் இருக்கும்.

இளங்கோவன்:
அடிக்குறிப்புக்கு நன்றி அம்மா. ‘சூழல்’ மீது என் மறுப்பு மறுப்பாகவே இருக்கட்டும். `cr3` மாறாத இழைகளுக்கு இடையிலும் அந்தச் சொல்லையே எப்படிப் போடுவீர்கள் என்பதற்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை.