இழுக்கும் எடையை மட்டும் பார்த்து வண்டி வாங்கப் போனேன்

குட்டி டிரெய்லர்

ஒற்றை ஆக்சில் உள்ள சின்ன டிரெய்லர் ஒன்று என்னிடம் இருக்கிறது, அதற்குத் தனி பிரேக் கிடையாது. காலியாக 180 கிலோ, சாமான் ஏற்றினால் 550 வரை வரும். அதை இழுக்கத்தான் வண்டி தேடுகிறேன். பிடித்துப்போன வண்டியின் விவரத் தாளில் இழுவை 1100 கிலோ, கூரை 75 கிலோ என்று போட்டிருந்தது. 550-க்கு 1100 என்றால் பாதிதானே, அட்வான்ஸ் கொடுத்துவிடலாம் என்று கிளம்பும்போது மனைவி கேட்டாள், "நாமும் உள்ளே உட்காரணுமே, அதையும் சேர்த்தா சொல்றாங்க?" பதில் தெரியவில்லை. டிரெய்லர் கட்டி ஓட்டியவர்கள் பட்டதைச் சொல்லுங்கள்.

நாலு கியர்

இன்ஜினில் இழுப்பு இருந்தால் போதும் நண்பா. நான் டீசல் வண்டியில் இதைவிடக் கனமாக இழுத்திருக்கிறேன், மேட்டில்கூடத் திணறியதில்லை. ஒரே ஒரு விஷயம், கொக்கி மேல் எடை இறங்கினால் வண்டியின் பின்பக்கம் உட்கார்ந்துவிடும். அதனால் கனமான சாமானை டிரெய்லரின் பின்னால் தள்ளி வைத்துவிடுங்கள், வண்டிக்குப் பாரம் தெரியாது.

எடைமேடை ஏறியவன்

உங்கள் மனைவி கேட்டதுதான் சரியான கேள்வி. நானும் அந்த 1100 மாதிரி ஒரு எண்ணை நம்பி வாங்கியவன்தான், முதல் பயணத்திலேயே பின்பக்கம் தொங்க, சந்தேகப்பட்டு எடைமேடையில் ஏற்றியபோதுதான் விஷயம் புரிந்தது. டிரெய்லர் கணக்குக்குள்தான் இருந்தது, கார்தான் தாண்டியிருந்தது.

முதலில் அந்த 1100 எதற்கு என்று பாருங்கள். பெரிதாக அச்சடிப்பது பெரும்பாலும் பிரேக் உள்ள டிரெய்லருக்கான எண். பிரேக் இல்லாததற்குத் தனி எண் உண்டு, இந்த அளவு வண்டியில் 600 ஒட்டித்தான் இருக்கும். உங்களுடையது 550, ஆக பாதி இல்லை, கிட்டத்தட்ட முழுசு!

அப்புறம் காரின் சொந்த எடை எவ்வளவு, ஆள் சாமானோடு அதிகபட்சம் எவ்வளவு என்று சொல்லுங்கள், கூட்டிப் பார்ப்போம்.

குட்டி டிரெய்லர்

வெறும் வண்டி 1320, முழுப் பாரத்தோடு 1780. நாங்கள் நாலு பேர், மொத்தம் 290 கிலோ வருவோம்.

எடைமேடை ஏறியவன்

அப்படியானால் உங்களுக்குக் கிடைப்பது 460 கிலோ. ஆட்கள் 290, டிக்கி சாமான் ஒரு 70. வெளியே மாட்டும் இழுவைக் கொக்கி, அதன் இரும்புச் சட்டம் எல்லாம் சேர்த்து 25 என்று வையுங்கள், தாளில் உள்ள 1320-ல் அது இருக்காது. கூரையில் 75, டிரெய்லர் மூக்கு கொக்கியில் அழுத்துவது 50. கூட்டினால் 510, ஐம்பது கிலோ அதிகம். கூரை எடையும் கொக்கி அழுத்தமும் தனித்தனிச் சலுகை இல்லை, எல்லாம் அந்த 460-லிருந்துதான் போகிறது. இதைத்தான் யாரும் சொல்லித் தருவதில்லை.

கூரையின் 75-உம் முழுக்க சாமானுக்கு இல்லை. குறுக்குக் கம்பிகள் 7, பெட்டி 18 போனால் மிச்சம் 50. என்னைக் கேட்டால் அந்தக் கூரைப் பெட்டியையே விட்டுவிட்டு, அந்த ஐம்பதை டிரெய்லரில் சக்கரத்துக்கு நேர் மேலே வையுங்கள். கார் 435-க்கு இறங்கிவிடும், கையில் 25 இருக்கும். ஆனால் டிரெய்லர் 600-க்கு ஏறிவிடும், அதாவது பிரேக் இல்லாத டிரெய்லரின் எல்லைக் கோட்டில் நிற்பீர்கள். அதற்கு மேல் ஒரு தண்ணீர் கேன்கூட ஏற்ற முடியாது.

வானத்துக் கட்டில்

நான் கூரைக் கூடாரம் வைத்திருக்கிறேன், கூடாரம் 60 கிலோ, கம்பிகள் 7. உள்ளே நாங்கள் இரண்டு பேர் படுத்தால் 200 தாண்டுகிறது. நீங்கள் சொல்வதைப் பார்த்தால் தினமும் கூரையை நசுக்கிக்கொண்டிருக்கிறேனா?

எடைமேடை ஏறியவன்

இல்லை, நீங்கள் பதற வேண்டாம். 75 என்பது ஓடும் வண்டிக்கு. வளைவிலும் பிரேக்கிலும் மேலே உள்ள பாரம் பக்கவாட்டில் இழுக்கும், அதற்குத்தான் அவ்வளவு குறைவு. நிற்கும்போது கூரை இன்னும் நிறையத் தாங்கும். ஆனால் எவ்வளவு என்பதை உங்கள் வண்டியின் கையேட்டிலும் கம்பி செய்தவர்கள் தாளிலும் பாருங்கள், இரண்டில் குறைந்ததை எடுத்துக்கொள்ளுங்கள்.

சாலையோரம் நின்றவள்

நாலு கியர் சொன்ன மாதிரி பின்னால் தள்ளி ஏற்றியவள் நான். கார் பின்பக்கம் தொங்கவில்லை, ரொம்ப சந்தோஷமாகக் கிளம்பினேன். இறக்கத்தில் வேகம் 80 தொட்டதும் டிரெய்லர் லேசாக வாலாட்ட ஆரம்பித்தது, மூன்றாவது ஆட்டத்தில் காரின் பின்பக்கத்தையே பிடித்து இழுத்தது. ஸ்டீயரிங்கை எதிர்ப்பக்கம் திருப்பத் தோன்றியது, திருப்பியிருந்தால் இங்கே எழுதிக்கொண்டிருக்க மாட்டேன் என்று நினைக்கிறேன். நேராகப் பிடித்துக்கொண்டு ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தேன், பிரேக்கை மிதிக்கவில்லை, தானாக அடங்கியது.

வீட்டுக்கு வந்து குளியலறை எடை மெஷினை டிரெய்லர் மூக்கின் கீழ் வைத்து, கொக்கி உயரத்துக்கு ஒரு மரக்கட்டையை நிறுத்தி, மூக்கை அதன் மேல் இறக்கினேன். சக்கரங்களுக்கு முட்டுக் கொடுத்து, டிரெய்லர் சமமாக நிற்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான். 8 கிலோ காட்டியது. மொத்த எடை 500! சாமானை முன்னால் நகர்த்தி 40-க்குக் கொண்டுவந்த பிறகு அந்த ஆட்டம் வரவே இல்லை.

நாலு கியர்

எனக்கு ஆடியதில்லையே. ஒருவேளை நான் 60-க்கு மேல் போகாததால் இருக்கலாம். பின்பக்கம் உட்காரும் என்று நான் சொன்னது பொய்யில்லை.

எடைமேடை ஏறியவன்

பொய்யில்லைதான். கொக்கி பின் சக்கரத்துக்கு வெளியே நீட்டிக்கொண்டிருப்பதால் நெம்புகோல் மாதிரி வேலை செய்யும். இந்த அளவு காரில் கொக்கியில் 50 வைத்தால் பின் ஆக்சிலில் 70 ஏறும், முன் சக்கரம் 20 கிலோ லேசாகும். அதற்கு மருந்து டிக்கியைக் குறைப்பது, மூக்கைக் காலி பண்ணுவது இல்லை. டிரெய்லர் மொத்த எடையில் 5 முதல் 10 சதவீதம் மூக்கில் இருக்கட்டும், வண்டியின் கொக்கிக்குச் சொன்ன எல்லையைத் தாண்டாமல்.

செகண்ட் ஹேண்ட்

என் கதை வேறு. கொக்கியோடு ஒரு பழைய ஹைப்ரிட் வந்தது, விற்பவர் "கொக்கியே இருக்கு, அப்புறம் என்ன?" என்றார். கதவுத் தூணில் உள்ள எடைத் தகட்டைப் பார்த்தேன். இப்படி இருந்தது:

```
1650 kg
-
1- 900 kg
2- 820 kg
```

முதல் வரி காரின் அதிகபட்ச எடை, இரண்டாவது காரும் டிரெய்லரும் சேர்ந்து, கீழே முன் ஆக்சில், பின் ஆக்சில். இரண்டாவது வரியில் கோடு இருந்தால் அந்த வண்டிக்கு இழுக்க அனுமதியே இல்லை. விசாரித்தால் கொக்கியை முன்பு வைத்திருந்தவர் சைக்கிள் மாட்டப் போட்டாராம். இத்தனைக்கும் அதே மாடலின் வேறு இன்ஜினுக்கு இழுவை எண் உண்டு. அதனால் மாடல் பெயரை நம்பாதீர்கள், வாங்கப்போகும் அதே வண்டியின் தகட்டைப் பாருங்கள்.

குட்டி டிரெய்லர்

இன்று போய்ப் பார்த்தேன். 1780, 2880, 940, 890. கழித்தால் 1100 சரியாக வருகிறது. கையேட்டில் பிரேக் இல்லாததற்கு 600 என்றே இருக்கிறது. ஆனால் புதுக் குழப்பம், அந்த 1320-ல் ஓட்டுநருக்கு 75 கிலோ ஏற்கெனவே சேர்ந்திருக்கிறது என்கிறார் விற்பவர். உண்மையென்றால் கூரைப் பெட்டியோடும் தப்பிவிடுவேனே?

சாலையோரம் நின்றவள்

சில தாளில் சேர்த்திருப்பார்கள், சிலதில் இல்லை. அவர் வாயை நம்பாதீர்கள். டெஸ்ட் டிரைவுக்குக் கொடுத்தால் நேராக எடைமேடைக்கு ஓட்டுங்கள், இறங்கி நின்று எடை போடுங்கள். டாங்க்கில் எரிபொருள் எவ்வளவு என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

வானத்துக் கட்டில்

கண்ணாடிக் கூரை உள்ள வண்டியா அது? என்னுடைய மாடலில் கண்ணாடிக் கூரை வந்தால் கூரை எண்ணே மாறுகிறது.

குட்டி டிரெய்லர்

ஆமாம், கண்ணாடிதான். தாளில் 75 என்று பொதுவாகப் போட்டிருக்கிறது. நாளைக்கு மறுபடி போகிறேன்.