அப்பா ஆபரேஷன் க்ளெய்ம் இன்னும் வரல, அடுத்து என்ன பண்றது?

வில்லியனூர்காரன்:
அப்பாவுக்கு பாண்டில ஒரு தனியார் ஆஸ்பத்திரில பித்தப்பை ஆபரேஷன், கேஷ்லெஸ் கிடைக்கல, கைக்காசு 1,38,400 கட்டிட்டு ஜனவரி 6 பேப்பர் எல்லாம் குடுத்தோம். பாலிசி நம்பர் கடைசி நாலு 4417. ஜனவரி 20 கேஸ் ஷீட் கேட்டாங்க, பிப்ரவரி 3 அனுப்பிட்டேன். இன்னிக்கு மார்ச் 12, ஆப்ல "பரிசீலனையில்"னே நிக்குது, கஸ்டமர் கேர்ல கேட்டா ரெண்டு நாள்ல வரும்னே சொல்றாங்க.

கடலூர் செல்வம்:
எனக்கும் இதே கதைதான், ஃபெஞ்சல் புயல் வெள்ளத்துல பைக் முழுகிப் போச்சு, சர்வேயர் வந்து பாத்து போட்டோ எடுத்துட்டு போனாரு, அப்புறம் ஆளையே காணோம். உங்களுக்கு சர்வேயர் வந்தாரா?

வில்லியனூர்காரன்:
அண்ணே இது ஹெல்த் பாலிசி, சர்வேயர்லாம் கிடையாது.

திருப்பாப்புலியூர் மணி:
இன்ஷூரன்ஸ் புகாரை விசாரிக்கற ஆம்புட்ஸ்மேன்கிட்ட நேரா போட்ருங்க தம்பி, வக்கீல் வேணாம், ஃபீஸும் இல்ல.

லாஸ்பேட்டை உமா:
ஃபீஸ் இல்லங்கறது சரி, ஆனா நேரா போனா எடுக்க மாட்டாங்க. முதல்ல கம்பெனிக்கு எழுத்துல புகார் குடுக்கணும், அவங்க மறுக்கணும், இல்ல ஒரு மாசம் பதிலே வரக்கூடாது, இல்ல வந்த பதில் உங்களுக்கு திருப்தியா இருக்கக்கூடாது. நீங்க போன்ல பேசினது எதுக்கும் ரெக்கார்டு இல்ல. பாலிசி பேப்பர்லயே குறைதீர்ப்பு அதிகாரி மெயில் ஐடி இருக்கும், அதுக்கு அனுப்புங்க.

மெயில்ல கதை வேணாம். பாலிசி நம்பர், க்ளெய்ம் நம்பர் ரெண்டும் தலைப்புலயே போடுங்க, ரெண்டும் வேற வேற, பாலிசி நம்பர் மட்டும் குடுத்தா எந்த க்ளெய்ம்னு கேட்டே ஒரு வாரம் இழுப்பாங்க. நாள் எண்ணிக்கை ஜனவரி 6லேர்ந்து இல்ல, கடைசி பேப்பர் போய் சேந்த பிப்ரவரி 3லேர்ந்துதான். இன்ஷூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையத்தோட 2024 விதிப்படி இந்த மாதிரி க்ளெய்முக்கு 15 நாள், அதாவது பிப்ரவரி 18. பிப்ரவரி 3 பேப்பர் போய் சேந்ததுக்கான ஒப்புகையை இணைச்சுடுங்க, உங்க பலமே அதான்.

அப்புறம் என்ன வேணும்னு நேரா கேளுங்க: "1,38,400ம், ரிசர்வ் வங்கியோட வங்கி விகிதத்துக்கு மேல 2 சதவீத வட்டியும் குடுங்க, ஏதாச்சும் கழிச்சா எந்த விதிப்படின்னு எழுத்துல சொல்லுங்க." மொத்தம் 8 சதவீதம்னு வெச்சா ஒரு நாளைக்கு சுமார் 30 ரூபாதான், பெரிய காசு இல்ல, ஆனா அதை எழுதினா ஃபைல் கொஞ்சம் நகரும்.

ரெண்டு வாரத்துல உருப்படியா பதில் வரலன்னா அந்த ஆணையத்தோட புகார் தளமான பீமா பரோசா போர்ட்டல்ல போடுங்க, இல்லன்னா 155255க்கு கூப்பிடுங்க. ஆம்புட்ஸ்மேன் அதுக்கப்புறம், பாண்டி நகரமும் காரைக்காலும் சென்னை ஆபீஸ்லதான் வரும்.

திருப்பாப்புலியூர் மணி:
சரிம்மா, ஒரு மாசம் விஷயம் எனக்கு தெரியாது. கன்ஸ்யூமர் கோர்ட் போகலாம்ல?

லாஸ்பேட்டை உமா:
போகலாம்ணே, ஆனா கோர்ட்ல கேஸ் ஓடும்போது ஆம்புட்ஸ்மேன் எடுக்க மாட்டாரு. ஒரே சமயத்துல ரெண்டுல ஒண்ணுதான்.

வில்லியனூர்காரன்:
மெயில் போட்டாச்சு அக்கா, புகார் நம்பரும் வந்துச்சு. ஆனா சாயங்காலமே புதுசா ஒரு கேள்வி அனுப்பியிருக்காங்க, மருந்து பில் தனித்தனியா வேணுமாம், அது ஜனவரிலயே குடுத்தது. இப்ப மறுபடி குடுத்தா 15 நாள் முதல்லேர்ந்து ஆரம்பிக்குமா?

லாஸ்பேட்டை உமா:
அவங்க அப்படித்தான் சொல்லுவாங்க. "ஜனவரி 6 குடுத்ததே, மறு நகல்"னு எழுதி அனுப்புங்க, ஜனவரி ஒப்புகையையும் சேத்து. அதை ஏத்துக்கறாங்களா இல்லையான்னு பாத்துட்டு இங்க போடுங்க.