மன்னிப்பு பாடத்தின் நான்காவது கேள்வி: உங்கள் குழுவில் என்ன நடந்தது?

பெருங்குடி வியாழன் குழு

மத்தேயு 18 வைத்து ஆறு வாரப் பாடம், வேலைக்குப் போகிறவர்களுக்கானது, உங்களில் பலர் நடத்தியிருப்பீர்கள். எங்கள் குழுவில் ஒன்பது பேர். எட்டு மணிக்கு ஆரம்பித்தால் எட்டரைக்குத்தான் எல்லாரும் வந்து சேர்வார்கள், பாதிப் பேர் அலுவலக அடையாள அட்டையைக் கழுத்தில் இருந்து கழற்றாமலே உட்காருவார்கள். மூன்றாம் வாரம் நான்காவது கேள்வி: "உங்கள் வேலையிடத்தில் நீங்கள் இன்னும் மன்னிக்காத ஒருவர் யார்? இந்த வாரம் அவரிடம் போய் என்ன சொல்லப் போகிறீர்கள்?"

எங்கள் குழுவில் ஒரு அக்கா, அலுவலகத்தில் ஒருவர் மேல் எழுத்தில் புகார் கொடுத்திருந்தார். எங்களுக்கு அது தெரியும், ஜெபக் குறிப்பாகச் சொல்லியிருந்தார். (அடையாளம் தெரியாமல் இருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) கேள்வியை வாசித்ததும் ஒரு தம்பி நல்ல மனதோடுதான் சொன்னான், "அக்கா, அந்தப் புகாரை வாபஸ் வாங்கிடுங்க, மனசு லேசாயிடும், ஏழெழுபது தரம்னு ஆண்டவரே சொல்லிட்டாரே." அக்கா பேனாவை மூடினார். பாடத்தாளை இரண்டாக மடித்தார், இன்னொரு முறை மடித்தார், டீ டம்ளருக்கு அடியில் வைத்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. நான் என்ன செய்தேன் என்றால், "சரி, ஐந்தாவது கேள்விக்குப் போகலாம்" என்றேன். அடுத்த வாரம் அவர் வரவில்லை, அதற்கடுத்த வாரமும் வரவில்லை. அந்த மடித்த தாள் இன்னும் என் பைபிளுக்குள் இருக்கிறது.

நீங்கள் அந்தக் கேள்வியை எப்படிக் கடந்தீர்கள்?

வேலூர் பழைய தலைவர்

தம்பி, தவறு முதலில் கேள்வியில். நான்கு கேள்விக்குள் ஆளின் காயத்தைத் தொடக்கூடாது, அதுவும் பெயரோடு. பாடத்தை 21ஆம் வசனத்தில், பேதுரு "எத்தனை தரம்" என்று கேட்கிற இடத்தில் ஆரம்பித்திருப்பார்கள், நிறைய பாடத்தாள்களில் அப்படித்தான் இருக்கும். ஆனால் அதே அதிகாரம் 15ஆம் வசனத்தில் என்ன சொல்கிறது? தனியே போய் அவன் குற்றத்தை அவனுக்கு உணர்த்து. கேட்காவிட்டால் ஓரிருவரைக் கூட்டிக்கொண்டு போ. அதற்கும் கேட்காவிட்டால் சபைக்குத் தெரியப்படுத்து. குற்றத்தைக் குற்றம் என்று சொல்வது மன்னிப்புக்கு முன்னால் வருகிறது. அப்புறம் 31ஆம் வசனம், இதை யாரும் நின்று வாசிப்பதே இல்லை. எஜமான் பெரிய கடனை மன்னித்துவிட்ட வேலைக்காரன், தனக்குக் கடன்பட்ட உடன் வேலைக்காரனைச் சிறையில் போடுகிறான். மற்ற உடன் வேலைக்காரர்கள் நடந்ததைப் பார்த்து, துக்கப்பட்டு, எஜமானிடம் போய் எல்லாவற்றையும் அறிவிக்கிறார்கள். உவமையில் அவர்களை யாரும் கண்டிக்கவில்லை. "மன்னிப்பைப் பற்றிய இந்த உவமையில் புகார் கொடுத்தவர்கள் யார்?" என்று ஒரு கேள்வி இருந்திருந்தால் உங்கள் அக்கா தாளை மடித்திருக்க மாட்டார்.

என் அனுபவம் தொகையைப் பற்றியது. பதினாயிரம் தாலந்து, நூறு வெள்ளிப்பணம் என்று வேகமாக வாசித்துவிட்டு "பெரிய கடன், சின்னக் கடன்" என்று சொல்லிவிடுவோம். ஒரு முறை கூட்டத்தில் கணக்குப் போடச் சொன்னேன். வெள்ளிப்பணம் ஒரு நாள் கூலி, இரண்டு அதிகாரம் தள்ளி திராட்சத்தோட்ட உவமையிலேயே அது இருக்கிறது. ஒரு தாலந்து ஏறக்குறைய 6,000 நாள் கூலி. ஒரு நாளைக்கு 800 ரூபாய் என்று வைத்துக்கொண்டோம். முதல் கடன் 4,800 கோடி ரூபாய் வந்தது, எல்லாரும் ஆச்சரியப்பட்டார்கள். இரண்டாவது கடன் 80,000. "இது சின்னக் கடன்தானே" என்று நான் சொன்னபோது, மூலையில் உட்கார்ந்திருந்த வெல்டிங் வேலை பார்க்கிற அண்ணன் நிமிர்ந்து, "ஐயா, எண்பதாயிரம் சின்னதில்ல. ஒரு காண்ட்ராக்டர் எனக்கு மூணு மாசக் கூலி தரல. அந்த வருஷம் பொண்ணுக்கு ஃபீஸ் கட்ட முடியல" என்றார். ஒருவரும் அசையவில்லை. அதுவரை எட்டு வருடம் அந்த உவமையை நடத்தியிருக்கிறேன், நூறு வெள்ளிப்பணம் வலிக்கிற பணம் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. உவமை அதைச் சின்னது என்று சொல்லவே இல்லை, 4,800 கோடியின் பக்கத்தில் வைத்துக் காட்டுகிறது, அவ்வளவுதான்.

நாகர்கோவில் ஸ்டீபன்

புகாரைத் தாங்கிப் பேசுவது எனக்கும் சம்மதம்தான், ஆனால் வேலூர் ஐயா விஷயத்தைச் சுற்றிப் போகிறார். லூக்கா 17:3 நேராகவே சொல்கிறதே, அவன் மனஸ்தாபப்பட்டால் மன்னிப்பாயாக. மனஸ்தாபப்படவில்லை என்றால் மன்னிக்க வேண்டியதே இல்லை, முடிந்தது. அந்த அக்கா மேல் எந்தப் பாரமும் இல்லை. என் மேனேஜர் என் பதவி உயர்வைத் தன் மைத்துனருக்குக் கொடுத்தார், இதுவரை ஒரு வார்த்தை வருத்தம் சொல்லவில்லை, நானும் மன்னிக்கவில்லை. நிம்மதியாகத்தான் தூங்குகிறேன்.

வேலூர் பழைய தலைவர்

ஸ்டீபன், நீங்கள் சொன்ன வசனம் சரி. மாற்கு 11:25ஐயும் பக்கத்தில் வையுங்கள். நின்று ஜெபிக்கும்போது ஒருவன் பேரில் குறை இருந்தால் மன்னியுங்கள் என்கிறது, அங்கே எதிராளி அறையிலேயே இல்லை, மனஸ்தாபப்பட்டானா என்ற கேள்வியும் இல்லை. மனதில் விடுவது ஒன்று, உறவு சீராவது இன்னொன்று என்று நான் பிரித்துச் சொல்வேன். உறவுக்கு அவன் மனஸ்தாபம் வேண்டும். யோசேப்பு அண்ணன்மாரைக் கண்ட உடனே கட்டிப்பிடிக்கவில்லை, பென்யமீனின் சாக்கில் வெள்ளிப் பாத்திரத்தை வைத்து அவர்கள் மாறியிருக்கிறார்களா என்று பார்த்தான்.

நாகர்கோவில் ஸ்டீபன்

இரண்டு வசனமும் ஒன்றையே சொல்கிறது என்று எனக்குத் தோன்றவில்லை ஐயா. நீங்கள் பிரிக்கிற மாதிரி வசனம் பிரிக்கவில்லை. யோசித்துவிட்டு வருகிறேன்.

உள் குழு உறுப்பினர், கோவை

நான் எங்கள் நிறுவனத்தின் பாலியல் தொல்லை புகார்க் குழுவில் இருக்கிறேன். அந்தத் தம்பி சொன்னதைப் படித்ததும் எனக்குப் படபடப்பாகிவிட்டது. 2013 சட்டப்படி சம்பவம் நடந்த 3 மாதத்துக்குள் எழுத்தில் புகார் தர வேண்டும், தக்க காரணம் இருந்தால் குழு இன்னும் 3 மாதம் வரை நீட்டிக்கலாம். ஆறு வாரப் பாடம் முடிகிற வரை ஜெபித்துவிட்டு முடிவெடுக்கிறேன் என்று ஒரு பெண் காத்திருந்தால் அதில் பாதி போய்விடும். சமரசத்துக்கு வழி உண்டு, ஆனால் அந்தப் பெண் கேட்டால் மட்டும், அதுவும் பணத்தைக் கொடுத்துச் சமரசம் செய்யக்கூடாது. குழுவே போய் "சமாதானமாகப் போங்களேன்" என்று சொல்லக்கூடாது. எங்களுக்கே அந்தத் தடை இருக்கும்போது, வீட்டுக் கூட்டத்தில் டீ குடித்துக்கொண்டே ஒருவர் அதைச் சொல்கிறார். எங்களிடம் ஒரு பெண் வந்து "சர்ச்சில் மன்னிக்கச் சொல்றாங்க மேடம்" என்று சொல்லிக்கொண்டே துப்பட்டா நுனியை விரலில் சுற்றிச் சுற்றி இறுக்கிக்கொண்டிருந்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. விரல் நுனி வெளுத்துப்போயிருந்தது.

பெருங்குடி வியாழன் குழு

மேடம், அது அந்த வகைப் புகார் என்று நான் சொல்லவில்லை. எந்த வகை என்றும் சொல்ல மாட்டேன், அது அக்காவின் விஷயம். ஆனால் நீங்கள் எழுதியதைத் தம்பிக்கு வாசித்துக் காட்டினேன்.

ஜாமீன் போட்டவன்

என் கதை வேறு, ஆனால் இதே பாடம்தான். கூட வேலை பார்த்தவருக்குக் கூட்டுறவுச் சங்கக் கடனில் ஜாமீன் போட்டேன். அவர் வேலையை விட்டுவிட்டு ஊரை விட்டே போய்விட்டார். மாதம் 4,200 ரூபாய் என் சம்பளத்தில் பிடிக்கிறார்கள், 38 மாதம். முதல் வாரத்துத் தாளில் "முழு மனதோடு மன்னித்துவிட்டேன்: ஆம் / இல்லை" என்று இருந்தது. எல்லாரும் ஆம் போட்டார்கள், நானும் போட்டேன். பேனாவைக் கீழே வைக்கவில்லை, சம்பளம் ஏறிய எஸ்எம்எஸ் வந்தது, மேஜை மேல் போன் அதிர்ந்தது. 4,200 குறைவாக. அன்றைக்கு முடிவில் பரமண்டல ஜெபம் சொன்னோம், "எங்கள் கடனாளிகளுக்கு நாங்கள் மன்னிக்கிறதுபோல" என்ற இடத்தில் எனக்குக் குரல் வரவில்லை. மற்றவர்களுக்கு அது ஜெபத்தில் வருகிற ஒரு வார்த்தை. எனக்கு அது மாதாமாதம் வருகிறது.

பிலேமோன் நிருபத்தில் பவுல் "அதை என் கணக்கிலே வைத்துக்கொள்ளும், நானே செலுத்தித் தீர்ப்பேன்" என்று எழுதுகிறார் அல்லவா, அந்த இடம் மட்டும் எனக்கு ஆறுதல். யாரோ ஒருவர் கட்டத்தான் வேண்டும் என்று அங்கே ஒத்துக்கொள்கிறார்கள். நான் மன்னித்துவிட்டேனா? 22 மாதம் பாக்கி இருக்கிறது. கேட்காதீர்கள்.

தாம்பரம் டீச்சர்

என் அனுபவம் சின்னது. பள்ளியில் மூத்த ஆசிரியை ஒருவர் பெற்றோர் முன்னால் என்னை அவமானப்படுத்தினார், அதைக் குழுவில் சொன்னேன், அடுத்த ஞாயிறு கோயில் வாசலில் எனக்குத் தெரியாத ஒரு அம்மா "அந்த டீச்சரோட பேசிட்டியா?" என்று கேட்டார். அதோடு குழுவில் வாய் திறப்பதை நிறுத்திவிட்டேன்.

கேட்கவில்லை என்றாலும் சொல்கிறேன், இப்போது நானே குழு நடத்துகிறேன். ஆம், இல்லை என்று பதில் வரும் கேள்வியை மன்னிப்புப் பாடத்தில் வைக்கவே வைக்காதீர்கள், ஜாமீன் அண்ணனுக்கு நடந்ததுதான் நடக்கும், எல்லாரும் ஆம் போடுவார்கள். முதல் இரண்டு வாரம் வசனத்தைப் பற்றி மட்டும் கேளுங்கள்: யார் யாருக்கு எவ்வளவு தர வேண்டும், யார் பார்த்தார்கள், யாருக்குக் கோபம் வந்தது. ஆட்கள் உவமையைப் பேசுகிற சாக்கில் தங்களைப் பேசுவார்கள், எவ்வளவு பேசுவது என்று அவர்களே முடிவு செய்வார்கள். சொந்தக் கேள்வியைத் தாளில் எழுதி வீட்டுக்கு எடுத்துப்போகச் சொல்லுங்கள், யாரும் வாசிக்கக் கேட்கக்கூடாது. "இந்த வாரம் போய்ப் பேசினீர்களா?" என்று அடுத்த வாரம் விசாரிக்காதீர்கள், அது வீட்டுப்பாடம் ஆகிவிடும். ஒன்பது பேர் என்றால் மூன்று மூன்று பேராக உட்கார வையுங்கள், பெண்களைத் தனியாக. கேள்வி கேட்டதும் அமைதி வந்தால் தலைவர்தான் முதலில் பதறுவார், அடுத்த கேள்விக்குத் தாவுவார். மனதுக்குள் இருபது எண்ணுங்கள். முக்கியமாக, ஒருவர் இன்னொருவருக்குத் தீர்வு சொன்னால் அங்கேயே நிறுத்துங்கள். தனியாகக் கூப்பிட்டுச் சொல்லலாம் என்று விடாதீர்கள், காயப்பட்டவர் பார்க்கும்படி நிறுத்த வேண்டும். "தம்பி, அது அக்கா முடிவு செய்ய வேண்டியது" என்றால் போதும்.

பெருங்குடி வியாழன் குழு

டீச்சர், அந்தக் கடைசி வரியை அன்றைக்குச் சொல்லியிருக்க வேண்டும். நேற்று அக்காவுக்கு போன் செய்தேன், மூன்றாவது முறைதான் எடுத்தார். நான்காவது கேள்வியை எடுத்துவிட்டேன், இந்த வியாழன் 15ஆம் வசனத்திலிருந்து மறுபடி ஆரம்பிக்கிறோம், 31ஆம் வசனத்தில் நின்று பேசப் போகிறோம் என்று சொன்னேன். அன்றைக்கு நான் பேசாமல் இருந்தது தவறு என்றும் சொன்னேன். கொஞ்ச நேரம் பின்னால் குக்கர் சத்தம் மட்டும் கேட்டது. அப்புறம் "பாடம் யார் நடத்துறாங்க?" என்று கேட்டார். நான்தான் என்றேன். "பார்க்கலாம்" என்றார்.