கிணற்றுக்காடு சொந்தங்கள்: பவர் வீடர் வாங்குவதா வேண்டாமா

*பெரியண்ணன், காலை 6:12*
களைக்கு வருவதாகச் சொன்ன பன்னிரண்டு பேரில் இன்றைக்கும் ஐந்து பேர்தான். மூன்று நாளாக இதே கதை. குச்சிக்கிழங்கு நட்டு நாற்பது நாள் ஆகிறது, கோரை முழங்காலுக்கு வந்துவிட்டது. நான் பவர் வீடர் வாங்கப் போகிறேன். எல்லாம் சேர்த்து 85,000. அவரவர் பங்கைப் போட்டுவிடுங்கள்.

*ராணி அத்தை, 6:20*
காதுகுத்துக்கு எத்தனை பேர் வருகிறீர்கள்? இலைக்காரர் கேட்கிறார்.

*பிரபு, 6:31*
தாராளமாக வாங்குங்கள் அண்ணா. ஏக்கருக்குப் பன்னிரண்டு ஆள், ஆளுக்கு 350, டீ, வண்டி எல்லாம் சேர்த்து ஒரு களைக்கு 4,500 போகிறது. நான்கு ஏக்கர், மூன்று களை. 85,000-ஐ 4,500-ஆல் வகுத்தால் 19 ஏக்கர். ஒன்றரை வருஷத்தில் போட்ட காசு கைக்கு வந்துவிடும்.

*அண்ணி, 6:33*
மக்காச்சோள மெஷினும் ஒன்றரை வருஷக் கணக்குதான். இப்போது அதன் மேல் கோழி முட்டையிடுகிறது.

*சித்தப்பா, 6:34*
அதை ஏன் இப்போது இழுக்கிறாய்

*ராணி அத்தை, 6:40*
நான் மாவு மெஷின் வாங்கினேன், மூன்றே மாதத்தில் காசு எடுத்துவிட்டேன்.

*பெரியண்ணன், 6:41*
அத்தை, உங்களுக்குத் தெருவே மாவு அரைக்க வருகிறது

*கவிதா, 7:15*
பிரபு கணக்கில் ஒரு ஓட்டை இருக்கிறது. மெஷின் வந்தால் பன்னிரண்டு பேரும் வேண்டாம் என்று நினைக்கிறான். அது இரண்டு பாருக்கு நடுவில் மட்டும்தான் ஓடும், செடியின் காலடியில் இருக்கும் களையை ஆள்தான் கொத்தியாக வேண்டும். அதற்கு ஏக்கருக்கு நான்கு பேர், டீ எல்லாம் சேர்த்து 1,500. ஆக மெஷின் மிச்சப்படுத்துவது 4,500 இல்லை, 3,000. ஒரு ஏக்கர் ஓட்ட ஐந்து மணி நேரம் என்று வைத்தால் மணிக்கு 600 ரூபாய் கூலி வேலையை அது செய்கிறது.

*கவிதா, 7:21*
ஆனால் சும்மா ஓடாதே. மணிக்கு ஒரு லிட்டர் பெட்ரோல் 100. ஓட்டுகிறவருக்கு நாளுக்கு 900, நடுவில் நிறுத்தி, பிளேடில் சுற்றிய புல்லை அறுத்து எடுத்தது போக நிஜமாக ஓடுவது ஆறு மணி நேரம்தான், அப்படியென்றால் மணிக்கு 150. பிளேடு, ஆயில், பெல்ட் வகையில் 30. மொத்தம் 280. 600-இல் 280 போனால் மணிக்கு 320 கையில் நிற்கும்.

*பிரபு, 7:22*
சரி, 85,000-ஐ 320-ஆல் வகு

*கவிதா, 7:30*
அப்படியும் இல்லை. ஏழு வருஷம் வைத்திருந்து 15,000-க்கு விற்கலாம் என்று வைத்துக்கொள். மீதி 70,000, வருஷத்துக்கு 10,000 தேய்மானம். அண்ணன் நகையை வைத்துத்தான் வாங்கப் போகிறார், எனக்குத் தெரியும். 85,000-க்கும் 15,000-க்கும் நடுவில் பார்த்தால் சராசரியாக 50,000 அதில் முடங்கிக் கிடக்கும், 10 சதவீத வட்டி 5,000. வருஷத்துக்கு ஒரு தடவை கார்புரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்ய 1,000. ஆக 16,000. மெஷின் கொட்டகையிலேயே நின்றாலும் இந்த 16,000 போகும். 16,000-ஐ 320-ஆல் வகுத்தால் 50. வருஷத்துக்கு ஐம்பது மணி நேரம் ஓடினால்தான் கட்டுபடியாகும். அதற்கு மேல் ஓடுவதுதான் லாபம்.

*அண்ணி, 7:31*
நகையா?

*பெரியண்ணன், 7:33*
கவிதா இதைக் குரூப்பில் போட வேண்டுமா

*பிரபு, 7:35*
நம்மிடம் 12 களை, ஐந்து மணி நேரம், அறுபது. ஐம்பதைத் தாண்டிவிட்டதே!

*சித்தப்பா, 7:50*
தம்பி, மூன்றாம் களைக்கு மெஷின் இறங்காது. இலை கூடிவிடும், பாருக்குள் நுழைந்தால் கிளை ஒடியும், கிழங்கு வேரும் அறுபடும். முதல் இரண்டு களைதான். இன்னொன்று, கோரைக்கு இது மருந்தில்லை. மண்ணுக்குள் கிடக்கும் கோரைக்கிழங்கைப் பிளேடு நறுக்கிப் பரப்பிவிடும். பதினைந்து நாளில் முன்னைவிட அடர்த்தியாக முளைக்கும். அருகும் அப்படித்தான். சோள மெஷினில் நான் ஏமாந்தது வேறு விஷயம், இது நிலத்தில் கண்டது.

*கவிதா, 7:56*
அப்படியென்றால் நான்கு ஏக்கர், இரண்டு களை, நாற்பது மணி. ஐம்பதுக்குப் பத்து மணி குறைகிறது. வருஷம் 3,200 கையைக் கடிக்கும்.

*அம்மா, 8:10*
(குரல் பதிவு, 0:52)

*அண்ணி, 8:14*
அத்தை குரல் பதிவில் சொன்னது: சொட்டுநீர்க் குழாய் எல்லாம் பாரில் கிடக்கிறது, மெஷின் மேலே போனால் துண்டு துண்டாகிவிடும், ஒவ்வொரு தடவையும் சுருட்டி வைத்துத் திரும்ப விரிக்க யார் இருக்கிறார்கள். அப்புறம், களைக்கு வருகிறவர்கள் புல்லை ஆட்டுக்குக் கட்டிக்கொண்டு போவார்கள், அதற்காகவே பாதிப் பேர் வருகிறார்கள், அதையும் மண்ணோடு கலக்கிவிட்டால் அந்த ஐந்து பேரும் நின்றுவிடுவார்கள் என்கிறார்.

*கவிதா, 8:25*
குழாயை நான் மறந்தே போனேன். ஏக்கருக்கு ஒரு ஆள், 350. அப்போது மிச்சம் 3,000 இல்லை, 2,650. மணிக்கு 530. அதில் 280 போனால் 250. 16,000-ஐ 250-ஆல் வகுத்தால் 64 மணி. ஒரே ஒரு ஆள் கூடியதில் ஐம்பது அறுபத்து நான்கு ஆகிவிட்டது, பார்த்தீர்களா.

*பெரியண்ணன், 8:31*
நானே ஓட்டுகிறேன். 150 மிச்சம்.

*கவிதா, 8:35*
அப்போது மணிக்கு 400. சரியாக நாற்பது மணியில் கட்டுபடியாகும், நம்மிடம் இருப்பதும் நாற்பது. அதாவது வருஷத்தில் ஏழு நாள் அதன் பின்னால் நடந்து உங்களுக்குக் கிடைப்பது பூஜ்யம்.

*அண்ணி, 8:36*
இடுப்பு வலி மாத்திரைக்கு யார் காசு

*பிரபு, 8:40*
அக்கம்பக்கத்துக்கு வாடகைக்கு விட்டால்? ஊரில் மணிக்கு 500 வாங்குகிறார்களாம்.

*சித்தப்பா, 8:42*
பெரியம்மா வீடு, மாமா வீடு, மேலத்தெரு எல்லாம் வந்து எடுத்துக்கொண்டு போவார்கள். காசு? ஒருவரும் தர மாட்டார்கள். சோள மெஷின் போனது அப்படித்தான்.

*ராணி அத்தை, 8:43*
யாரைச் சொல்கிறாய்?

*சித்தப்பா, 8:44*
பொதுவாகச் சொன்னேன் அக்கா

*கவிதா, 8:55*
ஆள், பெட்ரோலோடு அந்த 500-க்கு நாம் எடுத்தால் மணிக்கு 30 ரூபாய்தான் மிச்சம், ஆனால் முதல் போட வேண்டாம். சிக்கல் என்னவென்றால், மழை விட்டு மண் பதமாக இருக்கும் இரண்டு மூன்று நாளில்தான் ஓட்ட முடியும், அன்றைக்கே ஊரில் எல்லோருக்கும் அந்த மெஷின் வேண்டும். ஈரத்தில் இறக்கினால் பிளேடில் சேறு அப்பிக்கொள்ளும், காய்ந்துவிட்டால் மேலேயே குதிக்கும். அண்ணன் பயப்படுவது அதற்குத்தான் என்று நினைக்கிறேன். ஆள் வராமல் களை பத்து நாள் நின்றால் கிழங்கில் எவ்வளவு குறையும் என்பது என் கணக்கில் இல்லை.

*பெரியண்ணன், 8:57*
அதைத்தான் காலையிலிருந்து சொல்கிறேன்

*பிரபு, 9:05*
மானியம் இருக்கிறதே? அம்மா பேரில் எழுதினால் பாதி என்றார்கள்.

*கவிதா, 9:12*
கைக்காசு 50,000-இல் முடிந்தால் தேய்மானம் 5,000, வட்டி 3,250, சர்வீஸ் 1,000. 9,250. ஆள் வைத்தே ஓட்டினாலும் 37 மணி. நாற்பதுக்குள் வருகிறது, மூன்று மணிதான் இடைவெளி. ஒரு வருஷம் மழை பிசகினாலும் அது காலி. மானியம் கைக்கு வருமா, எப்போது வரும் என்று ஆபீஸில் கேட்டுவிட்டு முன்பணம் கொடுங்கள் அண்ணா.

*பெரியண்ணன், 9:20*
5,000 நேற்றே கொடுத்துவிட்டேன்

*அண்ணி, 9:20*
எந்த 5,000?

*அம்மா, 9:31*
(குரல் பதிவு, 0:09)

*அண்ணி, 9:33*
எல்லோரும் ஞாயிற்றுக்கிழமை வந்து ஆளுக்கு ஒரு பார் கொத்துங்கள் என்கிறார்.

*பிரபு, 9:34*
எனக்கு ஞாயிறு ஆபீஸ்

*ராணி அத்தை, 9:41*
இலை 150 சொல்லிவிடவா?