குளோரோபில் பி-யின் Rf 0.54 வருகிறது, புத்தகத்தில் 0.45. எங்கே தப்பு?

இலைநரம்பு
பசலைக் கீரை இலையை அசிட்டோனில் அரைத்து எடுத்த சாறு. வாட்மன் 1 தாள், கரைப்பான் பெட்ரோலியம் ஈதர் 9 பங்கு, அசிட்டோன் 1 பங்கு. பட்டைகள் நன்றாகவே பிரிந்தன. தாளை எடுத்ததுமே கரைப்பான் முகப்பைப் பென்சிலால் குறித்துவிட்டேன், 12.0 செ.மீ. கிடைத்த Rf: கரோட்டின் 0.97, சாந்தோபில் 0.76, குளோரோபில் ஏ 0.70, குளோரோபில் பி 0.54. மேலே உள்ள கரோட்டின் மட்டும் சரியாக இருக்கிறது, கீழே போகப் போக விலகுகிறது. ஏன்?

நீலக்குடுவை
அசிட்டோன் கூடிப்போயிருக்கும். மூடாத ஜாடியில் ஈதர் சீக்கிரம் ஆவியாகி அசிட்டோனின் பங்கு ஏறிவிடும், பச்சைப் பட்டைகள் மேலே ஓடும். புதுக் கரைப்பான் கலந்து திரும்ப ஓட்டுங்க.

கமலம்_ஆய்வகம்
எனக்கும் இதே பிரச்சினைதான்! எல்லா நிறமும் ஒரே பச்சைக் கோடாக உச்சிக்குப் போய்விட்டது. சர்ஜிக்கல் ஸ்பிரிட்தான் ஊற்றினேன்.

தராசுமுள்
கமலம், உங்களுடையது வேறு கதை. ஸ்பிரிட்டில் ஆல்கஹாலும் தண்ணீரும். இந்த நிறமிகளைத் தாளில் நிற்கவிடாமல் மொத்தமாகத் தூக்கிப்போகும். ஸ்பிரிட்டில் என்ன மாற்றிப் பார்த்தாலும் இந்தப் பிரிப்பு வராது, கரைப்பானையே மாற்றணும்.

இலைநரம்பு, நீலக்குடுவை சொன்ன காரணம் நடக்கக்கூடியதுதான். அசிட்டோன் கூடினாலும் கரோட்டின் நகராது, ஏற்கெனவே முகப்பை ஒட்டித்தான் நிற்கிறது. பச்சை மட்டும் ஏறும். ஆனால் அளவுகோலைத் தப்பான இடத்தில் வைத்தாலும் இதே மாதிரிதான் தெரியும். அதனால் கரைப்பானைக் கொட்டுவதற்கு முன் ஒன்று சொல்லுங்க: 12.0 எங்கிருந்து? தாளின் அடி விளிம்பிலிருந்தா, பொட்டு வைத்த கோட்டிலிருந்தா?

இலைநரம்பு
அடி விளிம்பிலிருந்துதான். கோடு 2.0 செ.மீ உயரத்தில். எல்லாத்தையும் ஒரே இடத்திலிருந்துதானே அளந்தேன், வகுத்தால் அடிபட்டுப் போகாதா?

தராசுமுள்
போகாது. இரண்டு எண்ணிலும் 2 கூட்டியிருக்கீங்க, பெருக்கவில்லையே. சாறு வைத்த இடத்திலேயே அசையாமல் கிடக்கும் அழுக்கை நினைத்துப் பாருங்க. அதன் Rf சுழியம்தான் வரணும். உங்கள் கணக்குப்படி 2/12, அதாவது 0.17. எவ்வளவு கீழே இருக்கிறதோ அவ்வளவு பிழை. உச்சியில் இருப்பதற்குக் கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. பட்டைகளின் அளவுகளைப் போடுங்க.

இலைநரம்பு
அடியிலிருந்து 11.6, 9.1, 8.4, 6.5.

தராசுமுள்
எல்லாவற்றிலும் 2 கழியுங்க, முகப்பு 10.0 ஆகும்.

```
கரோட்டின்       9.6 / 10.0 = 0.96
சாந்தோபில்      7.1 / 10.0 = 0.71
குளோரோபில் ஏ   6.4 / 10.0 = 0.64
குளோரோபில் பி   4.5 / 10.0 = 0.45
```

கரைப்பான் மேல் பழியில்லை. பட்டையின் எந்த இடத்தை அளந்தீங்க? நிறம் அடர்ந்த நடுப்பகுதியை எடுங்க, மேல் நுனியை அல்ல. சாறு அதிகமாக ஏறி வால் விட்டிருந்தால் நடு எது என்பதே குழப்பம்தான். மெல்லிய கண்ணாடிக் குழாயால் சின்னப் பொட்டு, உலரவிட்டு அதன்மேலேயே இன்னொன்று, இப்படி நிறம் அடர்வாகும்வரை வைத்தால் வால் குறையும்.

நீலக்குடுவை
சரி, ஒத்துக்கறேன். ஆனாலும் ஜாடியை மூடித்தான் வைக்கணும்.

தராசுமுள்
அதில் சந்தேகமே இல்லை.

இலைநரம்பு
நன்றி. இரண்டாவது தாளில் முகப்பைக் குறிக்க மறந்துவிட்டேன், ஈதர் காய்ந்து தடமே இல்லை. கோட்டிலிருந்து கரோட்டின் 8.2 செ.மீ. அதையே முகப்பாக எடுக்கலாமா? இன்னொன்று, கரோட்டினுக்கும் சாந்தோபிலுக்கும் நடுவே மங்கலான சாம்பல் பட்டை ஒன்று இருக்கிறது.

நீலக்குடுவை
கரோட்டின் முகப்போடுதானே போகுது, எடுத்துக்கலாம்.

தராசுமுள்
அப்படி எடுத்தால் கரோட்டினுக்கு Rf 1 என்று நீங்களே தீர்ப்பு எழுதிவிடுகிறீர்கள், மற்றதெல்லாம் கொஞ்சம் கூடிக் காட்டும். முதல் தாளின் 0.96-ஐ வைத்து 8.2/0.96 என்றால் முகப்பு சுமார் 8.5. அதை மதிப்பீடு என்று சொல்லித்தான் எழுதலாம், அளந்தது என்று எழுதக் கூடாது. இன்னொரு தாள் ஓட்டுவதே மேல்; உச்சிக்கு ஒரு செ.மீ இருக்கும்போதே எடுத்து உடனே குறியுங்க.

சாம்பல் பட்டை பியோபைட்டினாக இருக்கலாம், குளோரோபில் மெக்னீசியத்தை இழந்தால் வருவது. அரைக்கும்போது இலையின் அமிலமே அதைச் செய்யும். தெரிந்துகொள்ள, கொஞ்சம் சாற்றில் ஒரு துளி நீர்த்த அமிலம் விட்டு, நிறம் பழுப்பானதும் அதைப் பக்கத்தில் தனிப் பொட்டாக வைத்து ஓட்டுங்க. சாம்பல் பட்டை அதே உயரத்தில் அடர்ந்து வருகிறதா பாருங்க.

இலைநரம்பு
சாறு தீர்ந்துவிட்டது. புது இலை அரைத்து வெள்ளிக்கிழமை ஓட்டிவிட்டுச் சொல்கிறேன்.